உடம்பை நேசித்தே ஆக வேண்டுமா? வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரிலும் சுற்றுப்புறத்திலும் கல்லூரிப் பெண்கள், வேலைக்குப் போகும் பெண்கள், சில ஆண்கள் என்று பலரோடு ஆலோசகராகப் பேசி வருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நடுவில் வரும் செல்வி ஒரே ஆள் இல்லை. பலருடைய அனுபவத்தைச் சேர்த்து உருவாக்கிய பெயர்.

பாடி பாசிட்டிவிட்டி, பாடி நியூட்ராலிட்டி ரெண்டும் ஒன்றுதானே?

இல்லை. முதலாவது, எல்லா உடம்பும் அழகுதான், உன் உடம்பை நீ நேசி என்று சொல்கிறது. இரண்டாவது, உடம்பைப் பற்றி நல்ல அபிப்பிராயமும் வேண்டாம், கெட்ட அபிப்பிராயமும் வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ உன் வேலையைப் பார் என்கிறது.

பாசிட்டிவிட்டி தொடக்கத்தில் கண்ணாடி முன் நின்று சொல்லும் வாசகமாக இருக்கவில்லை. அது ஒரு உரிமைப் போராட்டம். 1967இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் குண்டான மனிதர்கள் கூடி, தங்களை நடத்தும் விதத்தை எதிர்த்தார்கள். 1969இல் அங்கே அவர்களுக்கென்று ஒரு சங்கமும் உருவானது. வேலை கிடைக்காதது, டாக்டர் மட்டமாகப் பேசுவது, உட்கார நாற்காலி போதாதது ஆகியவைதான் அவர்களுடைய புகார்கள். இன்ஸ்டாகிராம் காலத்தில் அது "நீயும் அழகி" என்று சுருங்கிப்போனது. கிரீம் விற்கும் கம்பெனிகளுக்கு இந்தச் சுருக்கம் ரொம்ப வசதி.

நியூட்ராலிட்டி என்ற பெயர் 2015 வாக்கில் பரவியது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பெண்களுக்கான ஒரு மையத்தில் ஆலோசகராக இருந்த ஆன் பொய்ரியர் அதை நடைமுறைப் பயிற்சியாகச் சொல்லிக்கொடுத்தார். உடம்பை வெறுக்கும் நிலையிலிருந்து நேசிக்கும் நிலைக்கு ஒரே தாவாகத் தாவ முடியாதவர்களுக்கு நடுவில் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

எனக்கு என் உடம்பே பிடிக்காது. எனக்கு எது உதவும்?

நியூட்ராலிட்டியிலிருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே தன்னைக் கொஞ்சமாவது பிடித்திருக்கிறவருக்குப் பாசிட்டிவிட்டி வாசகங்கள் நன்றாகவே வேலை செய்யும். பிடிக்காதவருக்கு அவையே எதிராகத் திரும்பலாம்.

இது என் ஊகம் இல்லை. கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். "நான் நேசிக்கத் தகுந்தவள்" என்ற வாசகத்தை மணி அடிக்கும்போதெல்லாம் மனதுக்குள் சொல்ல வேண்டும். மொத்தம் 4 நிமிடம். சுயமதிப்பு நிறைய இருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு மனநிலை கொஞ்சம் உயர்ந்தது. சுயமதிப்பு குறைவாக இருந்தவர்களோ, அந்த வாசகத்தைச் சொல்லாத அதே மாதிரி ஆட்களைவிட மோசமாக உணர்ந்தார்கள்.

ஒரு வாசகம் நாம் நம்புவதிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தால் மனம் அதை ஏற்றுக்கொள்ளும். வெகுதூரம் தள்ளி இருந்தால் மனம் உடனே வாதாட ஆரம்பித்துவிடும். "என் கைகள் அழகானவை" என்று செல்வி சொன்னதும் உள்ளே ஒரு குரல், "அப்படியா? போன வருஷம் கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவைப் பார்" என்று சாட்சி கொண்டு வருகிறது. ஒருமுறை சொல்லப்போய், பத்து எதிர்வாதங்களை நினைவுபடுத்திக்கொண்டதாக ஆகிவிடுகிறது. அதோடு, "எல்லாரும் தங்களை நேசிக்கிறார்கள், என்னால் அதுகூட முடியவில்லை" என்ற புதுக் குறையும் சேர்ந்துகொள்கிறது.

"என் கை தோளிலிருந்து முழங்கை வரை பருமனாக இருக்கிறது, மாநிறம்" என்ற வாக்கியத்தோடு வாதாட ஒன்றும் இல்லை. அது வெறும் தகவல்.

அழகாக இருக்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு?

தப்பு ஒன்றும் இல்லை. பூ வையுங்கள், நல்ல புடவை கட்டுங்கள். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. நாள் முழுக்கத் தன்னை வெளியிலிருந்து ஒருவர் பார்ப்பதுபோல் தானே பார்த்துக்கொண்டிருந்தால், கவனத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

பார்பரா ஃப்ரெட்ரிக்சன் குழுவினர் 1998இல் இதைச் சோதித்தார்கள். சிலரை நீச்சலுடை அணிந்து பார்க்கச் சொன்னார்கள், சிலரை ஸ்வெட்டர். அறையில் ஒரு கண்ணாடி, வேறு யாரும் இல்லை. அதே உடையிலேயே கணக்குத் தேர்வு எழுத வேண்டும். நீச்சலுடையில் இருந்த பெண்கள் ஸ்வெட்டர் அணிந்த பெண்களைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களிடம் அந்தச் சரிவு தெரியவில்லை.

செல்விக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை. குடியாத்தம் பக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து வேலூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். வயது 23. மேல் அலமாரியிலிருந்து பை எடுக்கக் கையைத் தூக்கினாலே கணக்கு தவறுகிறது, ஏனென்றால் யார் கையைப் பார்க்கிறார்கள் என்று மனம் பார்க்கப் போய்விடுகிறது. சித்திரை வெயிலில், வேலூர் வெயிலில், முழுக்கை சுடிதாரும் மேலே துப்பட்டாவும் போட்டுக்கொண்டு வருகிறாள். வேர்க்குரு வந்து சொறிந்தாலும் சரி, அரைக்கை மட்டும் போட மாட்டாள்.

அதனால்தான் "நீ அழகு" என்ற பாராட்டு அவளுக்குப் போதவில்லை. பாராட்டும் அவள் பார்வையைத் திரும்பத் தோற்றத்தின் மீதே கொண்டுபோய் வைக்கிறது.

கண்ணாடியைப் பார்த்தாலே அழுகை வருகிறது. என்ன செய்வது?

உணவுக் கோளாறுகளுக்கும் உடல் வெறுப்புக்கும் சிகிச்சை தருபவர்கள் பயன்படுத்தும் ஒரு முறை இருக்கிறது. கண்ணாடி முன் நின்று, தீர்ப்புச் சொல்லாமல், பார்ப்பதை மட்டும் வர்ணிப்பது. சிகிச்சை அறையில் ஆலோசகர் பக்கத்தில் இருப்பார். பாதிப்பு லேசாக இருந்தால் வீட்டிலும் சின்ன அளவில் செய்யலாம்.

முழு உருவமும் தெரியும் கண்ணாடி வேண்டும். பீரோ கண்ணாடியே போதும். சேலை கட்டிப் பார்க்கும்போது எவ்வளவு தள்ளி நிற்பீர்களோ அவ்வளவு தள்ளி நில்லுங்கள். மூக்கு உரசும் தூரம் வேண்டாம். வழக்கமான உடையே போதும். அப்புறம், உங்களைப் பார்த்தே இராத ஓர் ஓவியருக்குப் போனில் சொல்வதுபோல் தலையிலிருந்து பாதம் வரை சொல்லிக்கொண்டே போங்கள். நிறம், வடிவம், நீளம், எங்கே மடிப்பு, எங்கே மச்சம். பிடிக்காத இடத்தில் நிற்கும் நேரமும் மற்ற இடத்தில் நிற்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பிடிக்காத இடத்தைத் தாண்டிப் போகவும் கூடாது, அங்கேயே தேங்கி நிற்கவும் கூடாது.

முதல் தடவை செல்வி சொன்னது: "முடி நீளம். நெற்றி சின்னது. கண்ணு ஓகே. கை… பன்றி மாதிரி இருக்கு, தொங்குது, அசிங்கம்." முடிக்கும் கண்ணுக்கும் ஒரு நொடி, கைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல்.

இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. முதலில் வார்த்தைகள். "பன்றி மாதிரி", "அசிங்கம்", ஏன், "ஓகே" கூடத் தீர்ப்புதான். "தொங்குது" என்பதைக் கேட்டால் பாதி தகவல், பாதி திட்டு. அதை "கையைப் பக்கவாட்டில் நீட்டினால் கீழ்ப்பக்கத் தசை கொஞ்சம் கீழே இறங்குகிறது" என்று மாற்றினாள். கேட்க நீளமாக இருக்கிறது, ஆனால் அதில் திட்டு இல்லை. பிறகு நேரம். நெற்றி, புருவம், காது, கழுத்து என்று அவள் தாண்டிப் போன இடங்களையும் சொல்ல வைத்தபோதுதான், காதுமடலில் இருந்த மச்சத்தைப் பற்றி முதல்முறையாகச் சொன்னாள். கை மொத்த உருவத்தில் ஒரு பகுதி என்று அவள் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்தது.

முதல் சில தடவை பதற்றம் ஏறும், அது இயல்பு. நின்று சொல்லிக்கொண்டே இருந்தால் முடிவதற்குள் கொஞ்சம் இறங்க வேண்டும். வாரக்கணக்கில் பார்த்தால் ஆரம்பப் பதற்றமே குறைந்துவர வேண்டும். இறங்காமல் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு ஓர் ஆலோசகரிடம் போங்கள். தனியாகத் தொடர வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. இந்தப் பயிற்சி செய்வதாக நினைத்துக்கொண்டு சிலர் சதையைக் கிள்ளிப் பார்ப்பது, மணிக்கட்டை விரலால் சுற்றி அளப்பது, வேறு வேறு கோணத்தில் திரும்பித் திரும்பிப் பார்ப்பது என்று போய்விடுவார்கள். அது வர்ணனை இல்லை, சோதனை. "இன்றைக்குக் குறைந்திருக்கிறதா" என்ற கேள்வி மனதில் ஓடினால் நீங்கள் செய்வது சோதனைதான். அது வெறுப்பைக் கூட்டும்.

உடம்பு என்னென்ன செய்கிறது என்று எழுதச் சொல்கிறார்களே, அதனால் பயன் உண்டா?

உண்டு. நெதர்லாந்தில் ஜெசிகா அலீவா குழுவினர் வடிவமைத்த எழுத்துப் பயிற்சி இந்த வகையில் நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒன்று. ஒவ்வொன்றும் சுமார் 15 நிமிடம் என மூன்று முறை எழுத வேண்டும். உடம்பு என்ன செய்கிறது, அது உங்களுக்கு ஏன் முக்கியம் என்பதே விஷயம். 2015இல் வந்த முடிவில், தோற்றத்தில் அதிருப்தி இருந்த பெண்கள் எழுதிய பிறகு தங்கள் உடம்போடு கூடுதல் திருப்தியாக இருந்தார்கள்.

பலர் இங்கே தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உடம்பு செய்வது என்றால் ஓடுவது, மலை ஏறுவது, பாரம் தூக்குவது என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்தால் மூட்டுவலிக்காரருக்கு எழுத என்ன இருக்கும்? அந்தப் பயிற்சியில் ஜீரணம், மூச்சு, காயம் ஆறுவது, ருசி, தொடுகை, தூக்கம், அடுத்தவரோடு பேசுவது, கோலம் போடுவது எல்லாமே சேர்த்தி. முடக்குவாதம் உள்ள பெண்களிடம் இதே பயிற்சியைச் சோதித்தபோதும் பலன் தெரிந்தது.

வேலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வெளியூர் உதாரணம் தேடிப் போக வேண்டாம். சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்களின் இயக்கத்தை இழந்தார். முகத்திலும் காயம். அதன்பின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் முன்னின்று உருவாக்கியது. "கால் போனாலும் சாதித்தார், நீயும் சாதி" என்று இதை வைத்து நான் யாரையும் உலுக்குவதில்லை. அப்படிச் சொன்னால் உடம்புக்கு இன்னொரு பரீட்சை வைத்ததாகிவிடும். கால் நடக்கவில்லை என்றால் உடம்பின் கணக்கு அத்தோடு முடிந்துவிடாது, கையும் கண்ணும் குரலும் அதே உடம்புதான் என்பதற்காகவே சொல்கிறேன்.

செல்வி முதலில் "கை பில் போட உதவுகிறது" என்று மட்டும் எழுதி நிறுத்தினாள். முதலாளிக்கு எழுதிக் கொடுத்தது மாதிரி இருந்தது. ஏன் முக்கியம் என்று கேட்ட பிறகு, அக்கா பிள்ளை இரவில் தூங்காமல் அழும்போது இவள் தோளில் போட்டால்தான் அடங்கும் என்று எழுதினாள். பக்கம் அங்கிருந்து தானாக ஓடியது. கை பிடித்துவிட்டதா என்றால் இல்லை. அதைப் பற்றி நினைக்கும் நேரம் குறைந்தது. ஒருநாள் வெயில் தாங்காமல் அரைக்கை போட்டு வேலைக்கு வந்தாள். மதியம் வரை கூச்சமாக இருந்ததாம், அதற்குப் பிறகு கடையில் கூட்டம் வந்து மறந்துவிட்டதாம். நியூட்ராலிட்டி நடைமுறையில் இப்படித்தான் வரும்.

நான் நடுநிலையாக இருந்தாலும் சொந்தக்காரர்கள் விடவில்லையே?

இந்த இடத்தில் நியூட்ராலிட்டிக்குப் பலம் குறைவு. அது உங்கள் மண்டைக்குள் நடப்பதை மாற்றும், அத்தையின் வாயை மாற்றாது.

"இன்னாமா இப்டி ஊதிட்ட? பொண்ணு பார்க்க வர்ற நேரத்துல?"

"நல்லா இருக்கேன் அத்த. உங்க முட்டி வலி எப்டி இருக்கு? டாக்டர் கிட்ட காட்டினீங்களா?"

இப்படிப் பேச்சைத் திருப்புவது பாதி நேரம் பலிக்கும். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் ("தைராய்டு இருக்கு அத்த, டயட்ல இருக்கேன்") உடம்பைப் பற்றிப் பேச அவருக்கு நீங்களே அனுமதி கொடுத்ததாக ஆகிவிடும். தினமும் பார்க்கும் அம்மா என்றால் திருப்புவது போதாது. யாரும் இல்லாத நேரத்தில் நேராகவே சொல்லலாம்: "அம்மா, சாப்பிடும்போது என் உடம்பைப் பத்திப் பேசாதீங்க. அப்புறம் சோறு இறங்க மாட்டேங்குது."

பொண்ணு கருப்பு என்று சொல்லிக் கூடுதல் நகை கேட்கும் இடத்தில் "எனக்கு அபிப்பிராயம் இல்லை" என்று ஒதுங்குவது சரிப்படாது. அது அநியாயம். அந்த இடத்தில் பழைய, போராட்டமாக இருந்த பாசிட்டிவிட்டிதான் வேண்டும். கண்ணாடி முன்னால் நியூட்ராலிட்டி, சம்பந்தி பேசும் இடத்தில் சண்டை. இரண்டையும் ஒருவரே வைத்துக்கொள்ளலாம்.

இன்ஸ்டாவில் பாடி பாசிட்டிவ் பக்கங்களைப் பின்தொடரலாமா?

ஒல்லி மாடல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆஸ்திரேலியாவில் 2019இல் வந்த ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட படங்களைப் பார்த்த இளம்பெண்களுக்கு மனநிலையும் உடல் திருப்தியும் கூடின. அதே ஆய்வில், ஒல்லிப் படங்களைப் போலவே இவையும் பார்ப்பவரின் கவனத்தைத் தன் தோற்றத்தின் மீது திருப்பின. ஆகவே பார்த்து முடித்ததும் என்ன செய்கிறீர்கள் என்று கவனியுங்கள். எழுந்துபோய்க் கண்ணாடி பார்த்தால் அந்தப் பக்கம் உங்களுக்கு வேண்டாம்.

சும்மா விட்டுவிட்டால் உடல்நலம் கெட்டுப் போகாதா?

நடுநிலை என்றால் அலட்சியம் இல்லை. சர்க்கரை 180 என்றால் அது 180, மாத்திரை போட வேண்டும், நடக்க வேண்டும். "உன்னால் வாயைக் கட்ட முடியாது" என்ற தீர்ப்பைத்தான் விடச் சொல்கிறோம். உடம்பைப் பற்றிய வெட்கம் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கே போகாமல் தள்ளிப்போடுவதை நான் அதிகம் பார்க்கிறேன். எடை பார்ப்பார்கள், சட்டையைக் கழற்றச் சொல்வார்கள் என்ற பயம். எடையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு எண்ணைச் சொல்ல வேண்டாம் என்று நர்ஸிடம் கேட்கலாம். மருந்தளவுக்கு எண் தேவைப்பட்டால் டாக்டர் பார்த்துக்கொள்வார்.

ஆண்களுக்கும் இது உண்டா?

உண்டு, வேறு வடிவில். உயரம், வழுக்கை, மார்புச் சதை, மெலிந்த உடம்பு. ஒல்லியாக இருப்பதால் ஜிம்மில் சேர்ந்து, பவுடர், ஊசி என்று போகிறவர்களிடம் கேட்டால் உடல் வெறுப்பு என்று சொல்ல மாட்டார்கள், ஃபிட்னஸ் என்பார்கள். எவ்வளவு தசை ஏறினாலும் தான் சின்னதாகவே தெரிகிறது என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

மற்றவர்கள் கண்ணுக்கே தெரியாத, அல்லது லேசாகத் தெரியும் ஒரு குறையை நினைத்துத் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, கண்ணாடியில் திரும்பத் திரும்பச் சரிபார்க்காமல் இருக்க முடியவில்லை, வேலைக்கோ கல்லூரிக்கோ போக முடியவில்லை என்றால், அது பாடி டிஸ்மார்பிக் டிஸ்ஆர்டர் என்ற நோயாக இருக்கலாம். அதற்குப் பாசிட்டிவிட்டியும் போதாது, நியூட்ராலிட்டியும் போதாது. சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சையும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளும் பலன் தருகின்றன. மூக்கையோ தாடையையோ அறுவை சிகிச்சையில் மாற்றுவது பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை, கவலை வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, எடை வேகமாக இறங்குவது, மாதவிலக்கு நின்றுபோவது, மயங்கி விழுவது ஆகியவை இருந்தால் காத்திருக்க வேண்டாம். வாந்தியும் பேதியும் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பையே குழப்பிவிடும். முதலில் பொது மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை, கூடவே மனநலச் சிகிச்சை. வேலூரில் இருப்பவர்களுக்குப் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, ராத்திரியில் யாரிடமும் பேச முடியாமல் தவித்தாலோ 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, எந்த நேரமும் உண்டு, இலவசம், தமிழிலேயே பேசலாம்.